நீர் புழங்கும் கைகள்

நுழையும்முன்

அரிசி களையும் கையும் பாத்திரம் துலக்கும் கையும் தரை துடைக்கும் கையும் நாள்தோறும் பலமுறை நனைந்து உலர்கின்றன. தூய்மை தரும் நீரும் சோப்பும் அளவு மீறும்பொழுது, அந்தக் கைகளின் தோலையே மெல்ல அரித்துவிடுகின்றன. இது நிகழும் முறையையும் தடுக்கும் வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

பள்ளத்தாக்கும் ஈரப்பணியும்

மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளது தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என நீளும் இந்நிலப்பகுதியை முல்லைப்பெரியாற்று நீர் வளப்படுத்துகிறது. நெல், திராட்சை, தென்னை, வாழை எனப் பயிர்கள் இங்குச் செழிக்கின்றன. வயலுக்கு வெளியேயும் நீரோடு பிணைந்த தொழில்கள் பல உள்ளன. பேருந்து நிலையத்தை ஒட்டிய உணவகங்கள், தேநீர்க் கடைகள், திருமண மண்டபங்கள், விடுதிகள், மருத்துவமனைகள், பள்ளிச் சத்துணவுக் கூடங்கள் ஆகியவற்றில் பணியாற்றும் சமையலர்களும் தூய்மைப் பணியாளர்களும் நாளின் பெரும்பகுதியை ஈரக் கைகளோடு கழிக்கின்றனர். இல்லத்தரசியரின் நிலையும் இதுவே.

கைகள் நீண்ட நேரமோ பலமுறையோ நனையும் வேலையைத் தொழில்நல மருத்துவத்தில் ‘ஈரப்பணி’ எனலாம். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் கைகள் நனைந்திருத்தலும், நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது முறைக்கு மேல் கைகழுவுதலும் ஈரப்பணியின் எல்லைக்கோடுகளாக ஜெர்மனி முதலிய நாடுகளில் கொள்ளப்பட்டு வந்துள்ளன. இந்த எல்லையைத் தாண்டுவோருக்குக் கைத்தோல் அழற்சி வரும் வாய்ப்பு மிகுதி. மருத்துவர்கள் இதனைக் ‘கை எக்ஸிமா’ என்பர். மக்கள் வழக்கில் ‘கரப்பான்’ என்றும் ‘சோப்பு அலர்ஜி’ என்றும் சொல்லப்படுவதுண்டு. இது தொற்றுநோய் அன்று. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கோ சமைத்த உணவின் வழியாகவோ பரவாது. ஆயினும், கையில் வெடிப்புடன் சமைப்பவரைப் பிறர் ஐயத்துடன் நோக்குவதுண்டு. அதற்கு அஞ்சிக் கையை மறைத்துக்கொண்டே வேலையைத் தொடர்வோரும் உள்ளனர். மறைக்கும் காலத்தில் நோய் முற்றுகிறது.

கல்லும் சாந்தும்

தோலின் மேற்பரப்பில் மிக மெல்லிய கொம்புப்படலம் ஒன்று உள்ளது. புறங்கையில் இதன் தடிமன் ஒரு தாளின் தடிமனைவிடக் குறைவு. உடலின் நீர் வெளியேறாமலும் வெளிப்பொருள் உள்ளே நுழையாமலும் காப்பது இப்படலமே. இதன் அமைப்பை அறிவியலாளர் சுவருக்கு ஒப்பிடுவர். உயிரற்ற தட்டையான செல்கள் செங்கற்களாகவும், அவற்றினிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்தாகவும் அமைந்துள்ளன. சாந்து உறுதியாக இருக்கும்வரை சுவர் நிற்கும்.

நீர் பட்டவுடன் அச்செல்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. துணி துவைத்து முடித்த கையில் விரல்நுனிகள் சுருங்கிக் காணப்படுவதும் மேல்தோல் ஊறி வெளுத்திருப்பதும் அனைவரும் கண்டதே. செல்களுக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் இயற்கைப் பொருள்கள் அந்த நேரத்தில் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறுகின்றன. கை உலரும்பொழுது செல்கள் சுருங்குகின்றன. முன்பிருந்ததைவிடத் தோல் சற்று வறண்டு போகிறது. நனைதலும் உலர்தலும் மாறி மாறி நிகழ நிகழ, படலத்தில் நுண்ணிய பிளவுகள் தோன்றுகின்றன. எனவே, சோப்பே கலவாத வெறும் நீரும் அடிக்கடி பட்டால் தோலுக்குத் தீங்கு செய்யும். பலரும் அறியாத செய்தி இது.

சோப்பும் துலக்கும் நீர்மமும் இத்தீங்கை விரைவுபடுத்துகின்றன. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதே அவற்றின் வேலை. தட்டில் ஒட்டிய எண்ணெய், தோலின் சாந்தாக அமைந்த கொழுப்பு என்ற வேறுபாடு அவற்றுக்கு இல்லை. மேலும், தோலின் மேற்பரப்பு இயல்பில் சிறிது அமிலத்தன்மை உடையது. அதன் அமில காரக் குறியீடு ஏறத்தாழ 5. சலவைக் கட்டியின் குறியீடோ 9 முதல் 10 வரை இருக்கும். இந்தக் காரத்தன்மை சாந்து புதிதாக உருவாவதைத் தாமதப்படுத்துகிறது. சுடுநீர் கொழுப்பை மேலும் இளக்குகிறது. இரும்பு நாரால் தேய்க்கும்பொழுது ஏற்படும் கீறல்களும் துலக்கும் தூளின் உராய்வும் இவற்றோடு சேர்கின்றன. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. அதனால் கூடுதல் சோப்பு பயன்படுத்தப்படுகிறது. கையில் அதன் எச்சமும் கூடுதலாகத் தங்குகிறது.

உள்ளங்கையில் கொம்புப்படலம் தடித்திருப்பதால் அது ஓரளவு தாங்கும். புறங்கையிலும் விரலிடுக்குகளிலும் தோல் மெல்லியது. ஆதலால் முதல் அறிகுறி பெரும்பாலும் அங்கேதான் தோன்றும். மோதிரத்தின் அடியிலும் அது தொடங்குவதுண்டு. கழுவியபின் மோதிரத்திற்கும் விரலுக்கும் இடையே சோப்பும் நீரும் தேங்கி நிற்பதே அதற்குக் காரணம்.

ஆறும்முன் அடுத்த காயம்

‘இருபது ஆண்டுகளாக இதே சோப்பைத்தான் பயன்படுத்துகிறேன், இப்பொழுது மட்டும் ஏன் புண்ணாகிறது?’ என்பது நோயுற்றோர் வழக்கமாக எழுப்பும் வினா. நெதர்லாந்தைச் சேர்ந்த மால்டென் என்ற தோல் மருத்துவ அறிஞர் 1981இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இவ்வினாவுக்கு விடையாக அமைகிறது.

ஒருமுறை பாத்திரம் துலக்குவதால் தோலுக்கு ஏற்படும் சேதம் மிகச் சிறிது. அது கண்ணுக்குத் தெரியாது, வலிக்காது. தோல் உடனே அதனைச் சீர்செய்யத் தொடங்கும். ஆனால், சாந்து முழுமையாக நிரம்புவதற்குப் பல மணி நேரமோ சில நாள்களோ தேவைப்படும். அதற்குள் கை மீண்டும் நனைந்தால், முதற்சேதத்தின் எச்சத்தின்மீது இரண்டாம் சேதம் ஏறி நிற்கிறது. இவ்வாறு சிறு சேதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. குவியல் ஓர் எல்லையைத் தொடும் நாளில்தான் சிவப்பும் அரிப்பும் எரிச்சலும் வெளிப்படுகின்றன. அன்று பயன்படுத்திய சோப்பின்மீது பழி விழுகிறது. உண்மையில் பல வாரங்களாக, சில வேளைகளில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கடனே அன்று வெளிப்படுகிறது.

இவ்விளக்கத்திலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, சோப்பின் பெயரை மாற்றுவதால் மட்டும் நோய் தீராது. கை நனையும் முறைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும். இரண்டாவது, அரிப்பு தோன்றும் நாள் நோயின் முதல் நாள் அன்று. அதற்கு முன்பே வறட்சி, சொரசொரப்பு, விரலிடுக்கில் மெல்லிய செதில் ஆகியவை தோன்றியிருக்கும். சேலையின் நூல் விரலில் சிக்கி இழுபடுவதும் அத்தகைய முன்னறிவிப்பே. அந்நிலையில் கவனித்தால் சில வாரங்களில் தோல் மீளும். கவனியாது விட்டால் நீர்க்கொப்புளங்களும் குருதி கசியும் வெடிப்புகளும் தோன்றித் தோல் தடித்துவிடும்.

ஒரு நாளின் கணக்கு

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். 1982இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற சத்துணவுத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிதோறும் சமையலரும் சமையல் உதவியாளரும் பணியாற்றி வருகின்றனர். கம்பம் பள்ளத்தாக்கின் ஓர் ஊரில் பணியாற்றும் சமையல் உதவியாளர் ஒருவரின் நாளைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு, அவர் கைகள் நீரில் இருக்கும் நேரத்தை மட்டும் கணக்கிடலாம்.

காலையில் வீட்டுப் பாத்திரம் துலக்க 20 நிமிடங்கள். அரிசியும் காயும் கழுவ 10 நிமிடங்கள். துணி துவைக்க 30 நிமிடங்கள். பள்ளியில் அண்டாவையும் கரண்டிகளையும் கழுவி எடுக்க 10 நிமிடங்கள். அரிசி, பருப்பு களைய 15 நிமிடங்கள். காய் கழுவி நறுக்கவும் வெங்காயம், பூண்டு உரிக்கவும் 30 நிமிடங்கள். உணவு பரிமாறிய பின் பெரிய பாத்திரங்களைத் துலக்க 40 நிமிடங்கள். தரை துடைக்க 15 நிமிடங்கள். இரவில் மீண்டும் வீட்டுப் பாத்திரத்திற்கு 25 நிமிடங்கள்.

பள்ளிப் பணியை மட்டும் கூட்டினால் 110 நிமிடங்கள். இது இரண்டு மணி நேரத்திற்குக் குறைவு. ஆகவே, ‘இவ்வேலையால் கை கெடாது’ என்று ஒருவர் முடிவு கட்டக்கூடும். வீட்டு வேலையை மட்டும் கூட்டினால் 85 நிமிடங்கள்; அதுவும் எல்லைக்குள்தான். ஆனால், இரண்டையும் செய்வது ஒரே இணைக் கைகள். மொத்தம் 195 நிமிடங்கள், அதாவது மூன்றேகால் மணி நேரம். பணியிடத்தையும் வீட்டையும் தனித்தனியே பார்ப்பவருக்கு இந்தக் கூட்டுத்தொகை புலப்படுவதில்லை. கைத்தோல் அழற்சி பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவதற்கு முதன்மைக் காரணம் பெண்களின் தோல் மென்மையானது என்பதன்று. இரட்டை வேலையின் ஈரம் அவர்கள் கைகளில் வந்து சேர்வதே ஆகும்.

இனி, அதே நாளைச் சற்று மாற்றி அமைக்கலாம். இரவுப் பாத்திரங்களை வீட்டிலுள்ள மற்றொருவர் துலக்கினால் 25 நிமிடங்கள் குறையும். நீண்ட கைப்பிடியும் பிழியும் வாளியும் உடைய துடைப்பானைப் பயன்படுத்தினால் தரைக்கான 15 நிமிடங்கள் குறையும். காலைப் பாத்திரங்களையும் பள்ளியின் பெரிய பாத்திரங்களையும் கையுறை அணிந்து துலக்கினால் 60 நிமிடங்கள் நேரடி ஈரத்திலிருந்து விடுபடும். எஞ்சுவது 95 நிமிடங்கள். வேலையில் எதுவும் விடுபடவில்லை, சம்பளமும் குறையவில்லை. கைகள் மட்டும் எல்லைக்குள் வந்துவிட்டன.

எரிச்சலா? ஒவ்வாமையா?

மேற்சொன்னவாறு நீராலும் சோப்பாலும் தோல் தேய்ந்து வருவது எரிச்சல்வகை அழற்சி. போதிய அளவு ஈரம் பட்டால் இது எவருக்கும் வரலாம். தொழில்வழி வரும் கைத்தோல் அழற்சியில் இவ்வகையே மிகுதி. சிறுவயதில் கரப்பான், இளைப்பு முதலியவற்றால் துன்புற்றவர்களுக்கு இது எளிதாகவும் விரைவாகவும் வரும்.

மற்றொன்று ஒவ்வாமைவகை அழற்சி. இதில் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் குறிப்பிட்ட ஒரு பொருளைப் பகையாகக் கருதி நினைவில் கொள்கிறது. பின்னர் அப்பொருள் சிறிதளவு பட்டாலும் ஓரிரு நாளில் தோல் சிவந்து தடிக்கிறது. பாஸ்ரிச்சா உள்ளிட்ட இந்தியத் தோல் மருத்துவர்கள், காய்கறிகளால் கையில் அழற்சி ஏற்பட்டவர்களை ஆய்ந்து 1977இல் முடிவுகளை வெளியிட்டனர். பூண்டும் வெங்காயமும் அதில் முதன்மைக் காரணங்களாகத் தெரியவந்தன. பூண்டில் உள்ள கந்தகச் சேர்மமான டைஅல்லைல் டைசல்பைடு இவ்வொவ்வாமையைத் தூண்டுகிறது. வலக்கையால் கத்தி பிடிப்பவருக்கு, பூண்டைப் பற்றும் இடக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் நுனிகள் மட்டும் தடித்து வெடித்திருக்கும். இரு கைகளின் புறங்கையும் விரலிடுக்கும் ஒருசேர வறண்டிருப்பின் ஈரப்பணியையும், இத்தகைய விரல்நுனி வெடிப்பு இருப்பின் பூண்டையும் முதலில் ஐயுறலாம். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. ஈரத்தால் சிதைந்த சுவரின் வழியே ஒவ்வாமைப் பொருள் எளிதில் உட்புகும் என்பதே அதற்குக் காரணம்.

உறுதி செய்வதற்கு ஒட்டுச் சோதனை உதவுகிறது. ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டுவர்; 48 மணி நேரம் கழித்து நீக்கிப் பார்ப்பர்; அதன்பின் ஓரிரு நாளில் மீண்டும் பார்ப்பர். பூண்டை அரைத்து வீட்டிலேயே தோலில் கட்டிப் பார்ப்பது கூடாது. அது எவர் தோலையும் வெந்த புண்ணாக்கிவிடும்.

ஒரு கையில் மட்டும் வட்டமான ஓரத்துடன் செதில் படர்ந்து, காலிலும் அவ்வாறே இருப்பின் அது பூஞ்சைத்தொற்றாக இருக்கலாம். அதற்குரிய மருந்து வேறு. ஸ்டீராய்டும் பூஞ்சைமருந்தும் கலந்த களிம்பை மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிப் பூசினால், சில நாள் அரிப்பு அடங்கும். பூஞ்சை மறைவாகப் பரவும். நெடுநாள் பூசினால் தோல் மெலியும்.

காக்கும் வழக்கங்கள்

டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர், ஹெல்ட் என்ற தோல் மருத்துவர்கள் 2002இல் ஈரப்பணியாளர்க்கான தோல்காப்பு முறைகளைத் தொகுத்து வெளியிட்டனர். அவற்றுள் முதன்மையானவை கையுறை, கழுவும் முறை, களிம்பு ஆகியவை பற்றியவை.

கையுறை நீளமாகவும் ஓட்டையின்றியும் உட்புறம் உலர்ந்தும் இருத்தல் வேண்டும். உள்ளே நீர் புகுந்த கையுறை, கையுறை இல்லாததைவிடக் கேடு; சோப்பு நீர் தோலோடு சேர்த்து மூடப்படுகிறது. கம்பத்தின் கோடை வெப்பத்தில் கை வியர்ப்பது இயல்பு. ஆகவே, பத்து நிமிடத்திற்கு மேல் அணிவதாயின் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை அணிதல் நலம். அது நனைந்தவுடன் வேறொன்று மாற்ற வேண்டும். இரண்டு மூன்று இணைகளைத் துவைத்து வெயிலில் உலர்த்தி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். வேலை முடிந்ததும் கையுறையை உள்வெளியாகத் திருப்பி உலரவிட வேண்டும். கையுறைக்கும் இரண்டு வரம்புகள் உண்டு. அடுப்பருகே அணிந்தால் அது உருகிக் கையில் ஒட்டும். பூண்டின் சேர்மம் மெல்லிய கையுறைகள் பலவற்றை ஊடுருவிச் செல்லும்; ஒவ்வாமை உள்ளவர் பூண்டு உரிக்கும் வேலையைப் பிறரிடம் விடுவதே தக்கது.

கழுவுவதற்கு முன் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். சுடுநீரைத் தவிர்த்து, தண்ணீரோ வெதுவெதுப்பான நீரோ பயன்படுத்த வேண்டும். சோப்பின் எச்சம் போகும்வரை அலசி, விரலிடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். புடவைத் தலைப்பில் ஒருமுறை துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குச் செல்வதால் இடுக்குகள் ஈரமாகவே நின்றுவிடுகின்றன. மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர்கள், கையில் அழுக்குத் தெரியாத வேளைகளில் சோப்புக்கு மாற்றாக ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்பு நீர்மத்தைப் பயன்படுத்தலாம். அது தோலின் கொழுப்பைச் சோப்பைவிடக் குறைவாகவே நீக்குகிறது. வெடிப்பில் பட்டால் எரியும் என்பதால் அதுவே நோய்க்குக் காரணம் எனப் பலர் எண்ணுவர். முன்பே வெடிப்பு இருப்பதைத்தான் அந்த எரிச்சல் காட்டுகிறது. பிளீச்சிங் பவுடர், கழிவறை அமிலம் ஆகியவற்றை வெறுங்கையால் தொடுதல் எவ்வகையிலும் தகாது.

களிம்பு, சிதைந்த சாந்துக்கு மாற்றாகத் தற்காலிகமாக நிற்கிறது. விலைமிக்க நறுமணக் களிம்பு தேவையில்லை. நறுமணப் பொருளே சிலருக்கு ஒவ்வாமை தரும். மணமற்ற பெட்ரோலியம் ஜெல்லி போதும், தேங்காயெண்ணெயும் பயன்படும். கழுவித் துடைத்த கையில் சிறிது ஈரப்பதம் இருக்கும்பொழுதே அதனைப் பூச வேண்டும். உள்ளங்கையில் தேய்த்துவிட்டு நிறுத்துவது வழக்கம்; முதலில் கெடும் புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் ஆகியவை விடுபட்டுப்போகின்றன. பகலில் வேலை முடிந்ததும் ஒருமுறை, இரவு உறங்குமுன் ஒருமுறை பூசுவது குறைந்த அளவு. இரவில் பூசியபின் கை ஏழெட்டு மணி நேரம் நனைவதில்லை. தோல் தன் சுவரை எழுப்பிக்கொள்ள அதுவே நீண்ட வாய்ப்பு. வெடிப்பின்மேல் எலுமிச்சைச் சாறு, உப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றைத் தடவுதல் எரிச்சலைப் பெருக்கும்.

தெரிந்து தெளிவோம்

மருத்துவர் தரும் களிம்பை அளக்க ஒரு முறை உண்டு. சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை பிதுக்கி வைத்த களிம்பு ‘ஒரு விரல்நுனி அளவு’ எனப்படும். அது ஏறத்தாழ அரை கிராம் எடையுள்ளது. பெரியவர் ஒருவரின் ஒரு கைக்கு, உள்ளங்கையும் புறங்கையும் சேர்த்து, அவ்வளவு போதுமானது.

ஆறிய பின்னும்

மேற்கண்ட வழக்கங்களைக் கைக்கொண்டும் இரண்டு மூன்று வாரங்களில் குணம் தெரியாவிடின் தோல் மருத்துவரை அணுக வேண்டும். தேனி மாவட்டத்தார் ஆண்டிபட்டியை அடுத்த க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். சீழ், மஞ்சள் நிறப் பொருக்கு, வீக்கம், காய்ச்சல் ஆகியவை தோன்றின் காத்திருத்தல் கூடாது. வெடிப்பின் வழியே கிருமிகள் புகுந்துவிட்டன என்பது பொருள். சமையல் பணியில் உள்ளவர் சீழ்ப்புண்ணுடன் உணவைத் தொடுவதும் தவறு.

மருந்தால் சிவப்பும் அரிப்பும் நீங்கியவுடன் நோய் தீர்ந்ததாக எண்ணுவது இயல்பு. பார்வைக்குத் தோல் ஆறிவிட்டபோதிலும் உள்ளே சுவர் முழு வலிமை பெறுவதில்லை. அது பழைய தாங்குதிறனை அடையப் பல வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். அவ்விடைக்காலத்தில் கையுறையையும் களிம்பையும் விட்டுவிட்டுப் பழையபடி நீரில் இறங்கினால், முன்பு பல ஆண்டுகளில் வந்த நோய் இம்முறை சில நாள்களிலேயே திரும்பும். ‘மருந்து பலிக்கவில்லை’ என்று கூறப்படுவனவற்றுள் பல, மருந்து பலித்தபின் காப்பு நின்றுபோனவையே. ஆகவே, கை ஆறிய நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதங்களேனும் காப்புமுறைகளைத் தொடர வேண்டும். வீட்டின் ஈரவேலையை மற்றவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அந்த இரவுப் பாத்திரங்களுக்கான 25 நிமிடங்களை எடுத்துக்கொள்ளப் பதினொன்றாம் வகுப்பு மாணவரின் கைகளே போதுமானவை.